டிஎன்எஸ் மாற்றம்: பழைய முகவரி மறைய ஆகும் நேரம்

ஒரு இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றி, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் புதிய ஐபி முகவரியை எழுதிய பிறகும், சிலருக்குப் பழைய தளமே தெரிந்துகொண்டிருக்கும். மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தச் சொற்றொடரில் ‘பரவ’ என்ற சொல்தான் குழப்பத்தின் வேர். பதிவை மாற்றியதும் புதிய முகவரி எங்கும் புறப்பட்டுப் போவதில்லை. ஏற்கெனவே பல இடங்களில் சேமித்து வைக்கப்பட்ட பழைய பிரதிகள் தத்தம் காலம் முடிந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன, அவ்வளவே. ஆகவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது புதிய பதிவைப் பொறுத்ததல்ல. பழைய பிரதிகளுக்குக் குறித்துக் கொடுத்த ஆயுளைப் பொறுத்தது. அந்த ஆயுளின் பெயர்தான் டிடிஎல்.

உண்மையிலேயே பரவிய காலம் ஒன்று இருந்தது. அர்பாநெட் நாட்களில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் `HOSTS.TXT` என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைத் திருத்தி வைக்க, மற்றவர்கள் அவ்வப்போது முழுக் கோப்பையும் இறக்கிக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. யாருக்கும் எதையும் முன்கூட்டி அனுப்புவதில்லை. யாருக்குத் தேவையோ அவர் கேட்கும்போது பதில் தரப்படும். பதிலோடு ‘இதை இத்தனை நொடிகள் வைத்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணும் சேர்ந்து போகும். பதிலை யார் வாங்கிப்போனார்கள் என்று கணக்கு வைக்கப்படுவதில்லை. அதனால் பின்னர் அவர்களை அழைத்து ‘மாறிவிட்டது’ என்று சொல்லவும் வழியில்லை. கோடிக்கணக்கான பெயர்களை இத்தனை எளிதாகச் சமாளிக்க முடிவதற்கு இந்த மறதியே காரணம். காத்திருப்பு அதற்குக் கொடுக்கும் விலை.

கைபேசியில் ஒருவர் `www.example.com` என்று தட்டினால், கேள்வி முதலில் அவருடைய இணைய சேவை நிறுவனத்தின் ரிசால்வருக்குப் போகிறது. அதனிடம் பதில் இல்லையென்றால் அது ரூட் சர்வரையும், பிறகு .காம் சர்வரையும், கடைசியாக அந்த டொமைனுக்கு உரிய நேம்சர்வரையும் கேட்டு, கிடைத்த பதிலைத் தன் கேஷில் வைத்துக்கொள்கிறது. அடுத்து அதே பெயரைக் கேட்கும் ஆயிரம் பேருக்கும் கேஷிலிருந்தே பதில் போகும். வைத்துக்கொள்ளும் காலம் எப்படிக் கரைகிறது என்பதை `dig` கட்டளையால் நேரில் பார்க்கலாம். உதாரணத்துக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளைக் கொண்டு காட்டினால், டொமைனின் சொந்த நேம்சர்வரிடம் நேரடியாகக் கேட்கும்போது வரும் பதில் இப்படி இருக்கும்:

```
$ dig @ns1.example.com www.example.com +noall +answer
www.example.com.   86400   IN   A   192.0.2.10
```

நடுவில் உள்ள 86400 தான் டிடிஎல். நொடிக் கணக்கில் ஒரு முழு நாள். நேம்சர்வரிடம் எத்தனை முறை கேட்டாலும் இந்த எண் மாறாது. அதே பெயரை ரிசால்வரிடம், பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை கேட்டால் காட்சி வேறு:

```
$ dig www.example.com +noall +answer
www.example.com.   31207   IN   A   192.0.2.10
$ dig www.example.com +noall +answer
www.example.com.   31197   IN   A   192.0.2.10
```

எண் இறங்குகிறது. இந்த ரிசால்வர் பதிலை வாங்கி 15 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிவிட்டது. இன்னும் 8 மணி 40 நிமிடம் அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். எண் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு யாராவது கேட்டால்தான் அது மீண்டும் நேம்சர்வரிடம் போகும். பெரிய பொது ரிசால்வர்களிடம் கேட்கும்போது மட்டும் எண் ஏறியும் இறங்கியும் ஒழுங்கில்லாமல் தோன்றலாம். 8.8.8.8 போன்ற ஒரே முகவரிக்குப் பின்னால் பல இயந்திரங்கள், பல தனித்தனிக் கேஷ்கள் உள்ளன. ஒவ்வொரு கேள்வியும் வேறொரு கேஷில் விழக்கூடும்.

இனி இந்த டொமைனின் முகவரியை 192.0.2.10 என்பதிலிருந்து 198.51.100.20 ஆக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பதிவைத் திருத்திச் சேமித்த நொடியில் உலகின் ரிசால்வர்கள் மூன்று வகையாகப் பிரிந்து நிற்கும். இந்தப் பெயரை யாரும் அண்மையில் கேட்டிராத ரிசால்வரின் கேஷ் காலியாக இருப்பதால், அதற்கு முதல் கேள்வியிலேயே புதிய முகவரி கிடைக்கும். நேற்று இதே நேரம் பதிலை வாங்கியதற்குச் சில நொடிகளில் கிடைக்கும். மாற்றத்துக்கு ஒரு நொடி முன்பு வாங்கிய ரிசால்வரோ முழு நாளும் பழைய முகவரியையே சொல்லும். பரபரப்பான ரிசால்வர்கள் எல்லாம் வெவ்வேறு நேரங்களில் வாங்கியிருக்கும் என்பதால், அவற்றில் ஏறக்குறைய கால் பங்கு 6 மணி நேரத்திலும், பாதி 12 மணி நேரத்திலும், முக்கால் பங்கு 18 மணி நேரத்திலும் மாறியிருக்கும். கடைசி ரிசால்வர் 24 மணி நேரத்தில் மாறும். சராசரிக் காத்திருப்பு டிடிஎல்லில் பாதி. அதிகபட்சம் முழு டிடிஎல்.

‘எனக்குப் புதிய தளம் வருகிறது, வாடிக்கையாளருக்கு ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. இருவரும் கேட்பது வெவ்வேறு ரிசால்வர்களை. ஒன்றில் பிரதி காலாவதியாகிவிட்டது, இன்னொன்றில் இல்லை. அதிகம் பேர் வராத தளத்தின் மாற்றம் உடனே நடந்துவிட்டதுபோலத் தோன்றுவதும் இதனால்தான்: அதன் பதிவு பெரும்பாலான கேஷ்களில் இருந்திருக்கவே இல்லை. அந்த அனுபவத்தை நம்பி, தினம் லட்சம் பேர் வரும் தளத்தை முன்னேற்பாடு இல்லாமல் மாற்றுபவர்கள் நாள் முழுக்கத் தொலைபேசிக்குப் பதில் சொல்ல நேரிடுகிறது.

காத்திருப்பைக் குறைக்க வழி உண்டு. ஆனால் பலர் அதைத் தவறான நேரத்தில் செய்கிறார்கள். முகவரியை மாற்றும் அதே கையோடு டிடிஎல்லையும் 86400இலிருந்து 300ஆகக் குறைத்தால் எந்தப் பயனும் இல்லை. கடைக்குப் போய்விட்ட பால் பாக்கெட்டில் அச்சான தேதியைப் பண்ணையில் உட்கார்ந்தபடி மாற்ற முடியாது. கேஷில் இருக்கும் பிரதியும் அப்படித்தான். அது பழைய முகவரியையும் பழைய ஆயுளையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது. புதிய 300 அதற்குத் தெரியவே போவதில்லை. மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது, மாற்றத்துக்கு முன்பு நடப்பில் இருந்த டிடிஎல் மட்டுமே.

ஆகவே ஆயுளை முதலில் குறைத்து, பழைய ஆயுள் முழுதாகக் கழியும்வரை பொறுத்து, அதன் பிறகே முகவரியில் கைவைக்க வேண்டும். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மாற்றம் என்று முடிவானால், வெள்ளி இரவு 10 மணிக்கே முகவரியைத் தொடாமல் டிடிஎல்லை மட்டும் 300ஆக்கி வைக்கலாம். வெள்ளி இரவு 9:59க்குப் பதிலை வாங்கிய ரிசால்வர் அதைச் சனி இரவு 9:59வரை வைத்திருக்கும். அதற்குப் பிறகு உலகில் எந்தக் கேஷிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயுள் மிச்சமுள்ள பிரதி இருக்கக் கூடாது. ஞாயிறு 2 மணிக்கு முகவரியை மாற்றினால், 2:05க்கு ஏறத்தாழ எல்லோரும் புதிய சர்வருக்கு வந்திருப்பார்கள். புதிய சர்வரில் ஏதேனும் கோளாறு தெரிந்தால் பழைய முகவரிக்குத் திரும்பவும் ஐந்து நிமிடம் போதும். இந்தத் திரும்பும் வசதி, வேகத்தைவிடவும் மதிப்புள்ளது. இரண்டு மூன்று நாள் எல்லாம் சரியாக ஓடிய பிறகு டிடிஎல்லை மீண்டும் உயர்த்திவிடலாம்.

2:05க்குப் பிறகும் பழைய சர்வருக்குச் சிறு கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கும். டிடிஎல் என்பது மூல நேம்சர்வரின் அனுமதி. நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. மேல் வரம்பு வைக்கும் ரிசால்வர்கள் காத்திருப்பைக் குறைக்கவே செய்கின்றன: அன்பவுண்டு மென்பொருள் வேறு அமைப்பு தராதவரை ஒரு நாளுக்கு மேல் எதையும் வைத்திருக்காது, பைண்டு ஒரு வாரம்வரை வைத்திருக்கும். சிக்கல் தருவது கீழ் வரம்பு வைப்பவர்கள். கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்க, 300 என்று வந்ததைத் தாங்களே உயர்த்திக்கொள்ளும் ரிசால்வர்களும் இருக்கின்றன. 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8767 இன்னொரு விதிவிலக்கை முறைப்படுத்தியது: நேம்சர்வரை எட்டவே முடியாதபோது, ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிடக் காலாவதியான பதிலைத் தருவது மேல். ரிசால்வரைத் தாண்டினால் பிரவுசர்களும் சுமார் ஒரு நிமிடம் பதிலை வைத்திருக்கின்றன. திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருக்கும் செயலிகள், அது அறுபடும்வரை பெயரை மறுபடி கேட்பதே இல்லை.

எனவே பழைய சர்வரை எப்போது அணைக்கலாம் என்பதற்கு விடை கடிகாரத்தில் இல்லை, அந்தச் சர்வரின் அணுகல் பதிவேட்டில் இருக்கிறது. மாற்றத்துக்குப் பின் வருகை சட்டென்று சரிந்து, பிறகு மெல்லிய வால்போல நீளும். அந்த வாலில் மனிதர்கள் இருக்கிறார்களா, தேடுபொறிகளின் தானியங்கிகள் மட்டும்தானா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதுவரை பழைய சர்வர் சும்மா ஓடினால் போதாது. வாடிக்கையாளரின் ஆர்டரை அது தன் பழைய தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டால் அந்த ஆர்டர் தொலைந்ததற்குச் சமம். வரும் கோரிக்கைகளைப் புதிய சர்வருக்கே திருப்பி அனுப்பும்படி அதை அமைத்துவிட்டால் தாமதமாக வருபவர்களுக்கும் நஷ்டமில்லை.

இதுவரை சொன்னது ஒரு முகவரிப் பதிவை மாற்றுவது பற்றி. நேம்சர்வர்களையே மாற்றுவது, அதாவது டொமைனின் டிஎன்எஸ்ஸை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது, வேறு கதை. அங்கே காத்திருப்பைத் தீர்மானிக்கும் எண் டொமைன் உரிமையாளர் கையில் இல்லை. எந்த நேம்சர்வரைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு .காம் சர்வர்களில் இருக்கிறது. அந்தக் குறிப்பின் டிடிஎல் 172800 நொடி, சரியாக 48 மணி நேரம். ‘48 மணி நேரம்’ என்ற பேச்சின் ஒரு மூலம் இங்கே இருக்கிறது. 2004வரை .காம் ஜோன் நாளுக்கு இரண்டு முறை மட்டுமே புதுப்பிக்கப்பட்டதால் அந்தக் காத்திருப்பும் கூடவே சேர்ந்தது. அந்த ஆண்டு வெரிசைன் உடனுக்குடன் புதுப்பிக்கும் முறைக்கு மாறியது. புதுப்பிப்புத் தாமதம் போய்விட்டது. 172800 அப்படியே இருக்கிறது.

நேம்சர்வர் மாற்றத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து, பழைய நிறுவனத்தில் கணக்கை அன்றே மூடிவிடுவது. இன்னும் இரண்டு நாட்களுக்குப் பழைய நேம்சர்வரையே தேடிப்போகும் ரிசால்வர்களுக்கு அங்கே பதில் கிடைக்காது. தளமும் மின்னஞ்சலும் சிலருக்கு மட்டும் செத்துவிடும். பழைய நேம்சர்வர்களைத் திருத்தாமல் விட்டுவிடுவதிலும் ஆபத்து உண்டு. அவை தங்கள் பதில்களில் தங்கள் பெயரையே நேம்சர்வராகக் குறிப்பிட்டுக்கொண்டிருந்தால், சில ரிசால்வர்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பைப் புதுப்பித்துக்கொண்டு, 48 மணி நேரம் கழிந்தும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இரு இடங்களிலும் ஒரே பதிவுகளை வைத்து, பழைய நேம்சர்வரிலும் புதிய நேம்சர்வர்களின் பெயர்களை எழுதி, இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக இரண்டையும் ஓட விடுவதே பாதுகாப்பான வழி.

இல்லாத பெயருக்கும் ஆயுள் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். `shop.example.com` என்ற புதிய பெயரை உருவாக்கப்போகும் ஒருவர், உருவாக்குவதற்கு முன்பே ஆவலில் பிரவுசரில் தட்டிப் பார்க்கிறார். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதில் வருகிறது. அந்த ‘இல்லை’யையும் ரிசால்வர் கேஷில் வைத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் பெயரை உருவாக்கிவிட்டாலும் அவருக்கு மட்டும் தளம் திறக்காது. முன்பே தட்டிப் பார்க்காத நண்பருக்கு உடனே திறக்கும். இந்த எதிர்மறைப் பதிலின் ஆயுளை 1998இன் ஆர்எஃப்சி 2308 வரையறுத்தது: ஜோனின் எஸ்ஓஏ பதிவில் கடைசியாக நிற்கும் எண், அந்தப் பதிவின் சொந்த டிடிஎல், இவை இரண்டில் எது சிறியதோ அது.

```
$ dig example.com SOA +noall +answer
example.com.  3600  IN  SOA  ns1.example.com. admin.example.com. 2024061501 7200 900 1209600 3600
```

இங்கே இரண்டும் 3600. ஆகவே தட்டிப் பார்த்த ஆவலுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சொந்தக் கணினியில் விண்டோஸின் `ipconfig /flushdns` கொடுத்தால் கணினியின் கேஷ் மட்டுமே காலியாகும்; ரிசால்வரின் கேஷ் அதனால் அசையாது. கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தங்கள் பொது ரிசால்வர்களில் ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் அழிக்கும்படி தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. மற்ற ரிசால்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி வசதி இல்லை.

அதே எஸ்ஓஏ வரியில் உள்ள `2024061501` என்ற வரிசை எண்ணும் கவனிக்கத்தக்கது. டிஎன்எஸ்ஸில் உண்மையான ‘பரவல்’ நடக்கும் ஒரே இடத்தை அது காட்டுகிறது. ஒரு டொமைனுக்கு இரண்டு மூன்று நேம்சர்வர்கள் இருக்கும். ஒன்றில் எழுதியதை மற்றவை நகலெடுக்கும். நகலெடுக்க வேண்டுமா என்பதை அவை இந்த எண் கூடியிருக்கிறதா என்று பார்த்தே முடிவுசெய்கின்றன. கோப்பைக் கையால் திருத்துபவர் பதிவை மாற்றிவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால், மற்ற நேம்சர்வர்கள் எத்தனை நாள் ஆனாலும் பழைய பதிலையே கொடுக்கும். டிடிஎல் கழிந்த பிறகும் பழையதும் புதியதும் மாறி மாறி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு நேம்சர்வரிடமும் தனித்தனியே எஸ்ஓஏ பதிவைக் கேட்டு எண்களை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஆயுளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனத்துக்கு நேர்ந்தது தெளிவான சாட்சி. பதில்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் சேர்க்கும் டிஎன்எஸ்செக் முறையை அதன் பொறியாளர்கள் slack.com டொமைனில் அன்று இயக்கினார்கள். இயக்கும்போது ‘இந்த டொமைன் கையொப்பமிடப்பட்டது’ என்று அறிவிக்கும் டிஎஸ் பதிவு .காம் ஜோனில் ஏறியது. சில பயனர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று புகார் வரவே, டிஎஸ் பதிவை நீக்கி, கையொப்பமிடுவதையும் நிறுத்தினார்கள். பின்வாங்கியதாக நினைத்த அந்த நடவடிக்கைதான் சிக்கலைப் பெரிதாக்கியது. .காம் ஜோனில் டிஎஸ் பதிவின் டிடிஎல் 86400. ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருந்த ரிசால்வர்கள், மூலத்தில் அது நீக்கப்பட்டதை அறியாமல், கையொப்பம் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தன. வந்த பதில்களில் கையொப்பம் இல்லை. அவற்றைப் போலி என்று தள்ளிவிட்டு, பயனர்களுக்கு `SERVFAIL` என்ற பிழையை மட்டுமே தந்தன. பெரிய ரிசால்வர்களை நடத்தும் நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு கேஷை அழிக்கச் சொல்வதுதான் பொறியாளர்களுக்கு மிஞ்சியது. அந்த வேண்டுகோள் எட்டாத ரிசால்வர்களில் பதிவு தானே காலாவதியாக ஒரு நாள்வரை ஆகக்கூடிய நிலை. டிஎஸ் பதிவை முதலில் நீக்கிவிட்டு, ஒரு முழு நாள் கையொப்பத்தைத் தொடர்ந்திருந்தால், பழைய பிரதியை வைத்திருந்தவர்களுக்கும் புதிய நிலையைக் கண்டவர்களுக்கும் பதில்கள் செல்லுபடியாகியிருக்கும்.

எப்போதும் 60 நொடி வைத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு ரிசால்வரும் நேம்சர்வரிடம் போக வேண்டியிருக்கும். முதலில் கேட்பவர் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் காத்திருப்பார். உருகுவேயின் .uy டொமைனை நடத்துபவர்கள் தங்கள் நேம்சர்வர் குறிப்பின் டிடிஎல்லை ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு நாளாக உயர்த்தியபோது பதில் கிடைக்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. நீண்ட டிடிஎல் ஆபத்துக் காலத்தில் கேடயமாகவும் நிற்கிறது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் நேம்சர்வர்கள் தாக்குதலில் திணறியபோது, கேஷில் ஆயுள் மிச்சமிருந்த பெயர்கள் அதுவரை திறந்தன. ஓரிரு நிமிட ஆயுள் கொண்டவை உடனே மறைந்தன. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாற வேண்டிய பெயர்களுக்கு 60 அல்லது 300 பொருந்தும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மாறும் சாதாரணத் தளத்தின் முகவரிக்கு 3600 போதும். மின்னஞ்சல் சர்வரின் பெயர், நேம்சர்வர் பெயர் போன்றவற்றுக்கு 86400 தாராளமாக வைக்கலாம். மாற்ற வேண்டிய வாரத்தில் மட்டும் அதை முந்தைய நாளே குறைத்துவிட வேண்டும்.